சேற்றில் நிற்கும் குட்டி உள்ளான்: படத்தில் காலையும் அலகையும் படிப்பது எப்படி?

பெயர் கேட்டு வரும் கரைப்பறவைப் படங்களில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கும். ஈரச் சேறு, அதன்மேல் சாம்பலும் பழுப்புமாக நாலைந்து குட்டிப் பறவைகள், எல்லாம் தலையைக் குனிந்து எதையோ கொத்திக்கொண்டிருக்கும். கேட்பவர் புதியவராக இருந்தால் முதுகின் நிறத்தைப் பார்த்துப் புத்தகத்தைப் புரட்டியிருப்பார். புத்தகத்தில் நான்கு பறவைகள் அதே நிறத்தில் இருக்கும். அங்கேயே மாட்டிக்கொள்வார்.

இந்தக் கட்டுரை அந்தக் கூட்டத்திலேயே மிகச் சிறியவற்றைப் பற்றியது. தமிழில் கொசு உள்ளான் என்றும், பறவை பார்ப்பவர்களின் பேச்சில் ஸ்டின்ட் என்றும் சொல்லப்படுபவை. ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா பக்கம் எடுத்த படமென்றால் பெரும்பாலும் நான்கில் ஒன்றைத்தான் தேடுகிறோம்: லிட்டில் ஸ்டின்ட், செங்கழுத்து ஸ்டின்ட், டெமிங்க் ஸ்டின்ட், நீள்விரல் ஸ்டின்ட். நான்குமே அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை 12 முதல் 16 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். முதல் இரண்டுக்குக் கால் கறுப்பு. அடுத்த இரண்டுக்குக் கால் வெளிர் நிறம், அதாவது மஞ்சளோ பச்சை கலந்த மஞ்சளோ. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. அந்தக் காலின் நிறத்தைப் படம் சரியாகச் சொல்கிறதா என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

படம் எங்கே ஏமாற்றுகிறது

முதலில் அளவு. சேற்றுவெளியில் பக்கத்தில் ஒரு மரமோ கல்லோ இருக்காது. தனியாக நிற்கும் பறவை 13 சென்டிமீட்டரா 20 சென்டிமீட்டரா என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பக்கத்தில் நமக்கு நன்றாகத் தெரிந்த இன்னொரு பறவை, அதே தூரத்தில் நின்றால்தான் ஒப்பிட முடியும். டெலி லென்ஸ் தூரத்தைச் சுருக்கிக் காட்டும் என்பதால், பக்கத்தில் நிற்பதுபோலத் தெரியும் பறவை உண்மையில் சில மீட்டர் பின்னால் நிற்கலாம். இரண்டின் கால்களும் சேற்றைத் தொடும் இடம் படத்தில் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒப்பிடலாம், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

அப்புறம் இறகுகள். ஒவ்வொரு இனத்துக்கும் குறைந்தது மூன்று உடைகள் உண்டு: இனப்பெருக்க காலத்தில் ஒன்று, குளிர்காலத்தில் ஒன்று, முதல் ஆண்டு இளம்பறவைக்கு ஒன்று. நடுவில் இறகு மாற்றிக்கொண்டிருக்கும் பறவை ஒட்டுத்துணி மாதிரி இருக்கும். ஒரே இனத்தின் கோடை உடைக்கும் குளிர்கால உடைக்கும் உள்ள வேறுபாடு, குளிர்கால உடையில் இருக்கும் இரண்டு இனங்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைவிடப் பெரியது. அதனால்தான் நிறத்திலிருந்து தொடங்கினால் வழி தவறுகிறது. காலும் அலகும் பருவத்தோடு இந்த அளவுக்கு மாறுவதில்லை. அவற்றிலிருந்து தொடங்கச் சொல்வதற்கு அதுவே காரணம்.

மூன்றாவது காரணத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. காலைக் காட்டுவதற்குப் படத்தில் போதிய புள்ளிகள் இருக்காது. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். முழு அளவு சென்சார், 24 மெகாபிக்சல், 400 மி.மீ. லென்ஸ், பறவை 40 மீட்டர் தூரத்தில். லிட்டில் ஸ்டின்ட்டின் அலகு ஏறக்குறைய 18 மி.மீ. நீளம். இந்த அமைப்பில் அந்த அலகு படத்தில் 30 பிக்சல் நீளத்துக்கு வரும். கால் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொண்டால், அதற்குக் கிடைப்பது இரண்டரை பிக்சல்.

இரண்டரை பிக்சலில் நிறம் பார்ப்பது எவ்வளவு ஆபத்து என்பதைப் புரிந்துகொள்ள, கேமரா நிறத்தை எப்படிப் பதிகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான சென்சார்களில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றைத்தான் பார்க்கும். மற்ற இரண்டையும் அக்கம்பக்கப் புள்ளிகளை வைத்து மென்பொருள் ஊகித்து நிரப்பும். JPEG ஆகச் சேமிக்கும்போது வெளிச்ச விவரத்தைவிட நிற விவரத்தைப் பெரும்பாலும் இன்னும் குறைத்துத்தான் வைக்கும். ஆக, இரண்டு புள்ளி அகலமுள்ள காலின் நிறத்தில் இருபுறமும் இருக்கும் சேற்றின் நிறம் கலந்துதான் இருக்கும். கறுப்புக் கால் மஞ்சள் பழுப்பாக வெளிறித் தெரிவது இப்படித்தான். கேமராவோ மென்பொருளோ படத்தைக் கூர்மையாக்கினால், காலின் ஓரத்தில் வெள்ளைக் கோடு ஒன்றும் சேர்ந்துகொள்ளும்.

முதலில், இது ஸ்டின்ட்தானா?

இதில் அதிக நேரம் போகாது. அலகு குட்டையாக, தலையின் பாதி நீளம்கூட இல்லாமல், கண் மட்டும் பெரிதாக இருந்தால் அது உப்புக்கொத்தி. கொஞ்சம் ஓடி, நின்று, ஒரு கொத்து கொத்துவது அதன் பழக்கம். ஸ்டின்ட் நிற்காமல் தையல் இயந்திரம்போலக் கொத்திக்கொண்டே போகும்.

அலகு தலையைவிடத் தெளிவாக நீளமாக இருந்து கீழ்நோக்கி வளைந்தால், வளைமூக்கு உள்ளானையோ டன்லினையோ பாருங்கள். ஸ்டின்ட்டின் அலகு தலையின் நீளத்துக்குச் சற்றுக் குறைவாகவோ ஏறக்குறைய சமமாகவோ இருக்கும். தலையின் நீளம் என்று நான் சொல்வது அலகின் அடியிலிருந்து பின்னந்தலைவரை. வெளிறிய நிறமும் கறுப்புக் காலுமாக, ஸ்டின்ட்டைவிடப் பருமனாக ஒரு பறவை மணலில் அலைக்கு முன்னும் பின்னும் ஓடுகிறதென்றால் அது சாண்டர்லிங் ஆக இருக்கலாம். அதற்குப் பின்விரல் கிடையாது, ஸ்டின்ட்டுகளுக்கு உண்டு. படத்தில் அது தெரிந்தால் அதிர்ஷ்டம்.

அடுத்து, பயன்படும் படத்தைத் தேர்ந்தெடுப்பது

பத்துப் படம் எடுத்திருந்தால் மிக அழகானதை எடுக்காதீர்கள். பறவை நேர் பக்கவாட்டில் நிற்கும் படத்தை எடுங்கள். அலகின் நீளத்தைப் பற்றி எழும் வாக்குவாதங்களில் பாதி, தலை திரும்பியிருப்பதால் வருபவை.

தலை நம்மை நோக்கியோ நம்மைவிட்டு விலகியோ 30 பாகை திரும்பினால், அலகு உண்மை நீளத்தில் 87 விழுக்காடாகத் தெரியும். 45 பாகையில் 71 விழுக்காடு. 60 பாகையில் சரிபாதி. தலை உருண்டையாக இருப்பதால் அது இந்த அளவுக்குச் சுருங்காது. ஆகவே திரும்பிய தலையில் அலகு எப்போதும் குட்டையாகத் தெரியும், நீளமாகத் தெரியவே தெரியாது. இதிலிருந்து ஒரு நல்ல விதி கிடைக்கிறது: ஒரே பறவையின் பல படங்கள் இருந்தால், அலகு மிக நீளமாகத் தெரியும் படத்தை நம்புங்கள்.

நேர் பக்கவாட்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அந்தப் பக்கத்துப் புருவக்கோடோ கன்னமோ எட்டிப் பார்த்தால் தலை நம் பக்கம் திரும்பியிருக்கிறது. கண்ணுக்கும் அலகின் அடிக்கும் நடுவில் இருக்கும் இடம் வழக்கத்தைவிட ஒடுங்கித் தெரிந்தாலும் தலை திரும்பியிருக்கிறது. உடம்பு பக்கவாட்டில் இருந்து தலை மட்டும் திரும்பியிருப்பது ரொம்பச் சாதாரணம், அதனால் உடம்பை வைத்து முடிவுசெய்ய வேண்டாம்.

காலின் நிறம்: கறுப்பா, வெளிறியதா?

நான்கு இனங்களை இரண்டு இரண்டாகப் பிரிப்பது இந்த ஒரு கேள்விதான். இங்கே தப்பினால் பின்னால் வரும் எதுவும் கைகொடுக்காது. அதனால் நிதானமாகப் பார்க்கலாம்.

பறவையின் காலில் நடுவே பின்புறமாக மடங்கும் மூட்டை முழங்கால் என்று நினைக்கிறோம். உண்மையில் அது கணுக்கால். முழங்கால் இறகுக்குள் மறைந்திருக்கும். நமக்கு வேண்டியது இதுதான்: கணுக்காலுக்கு மேலே ஒரு சிறு துண்டு கால் வெறுமையாகத் தெரியும், கீழே நீளமான துண்டு தெரியும். சேறு பெரும்பாலும் கீழ்த்துண்டில்தான் ஒட்டும். மேல்துண்டு சுத்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். எனவே முதலில் மேல்துண்டின் நிறத்தைப் பாருங்கள்.

மேலே கறுப்பு, கீழே மண்நிறம் என்று இருந்தால், அது சேறு பூசிய கறுப்புக் கால். சேற்றின் எல்லை சீராக இருக்காது, ஒரு காலில் உயரமாகவும் மற்றொன்றில் தாழ்வாகவும் இருக்கும். காய்ந்த சேறு வெளிறிய சாம்பலாகவோ மஞ்சள் கலந்த பழுப்பாகவோ மாறுவதால், கால்களுக்கு ஒரு போலி மஞ்சளைக் கொடுத்துவிடும். உண்மையான வெளிர்க் கால் கணுக்காலுக்கு மேலும் கீழும் ஒரே நிறத்தில் இருக்கும், இரண்டு கால்களிலும் ஒத்துப்போகும்.

பிறகு பக்கத்துப் பறவையின் காலைப் பாருங்கள். சாயங்கால வெயிலில் எல்லாமே மஞ்சள்தான். அதே படத்தில் கறுப்புக் கால் உள்ள பறவை ஒன்று அதே வெயிலில் நின்றால், அதன் கால் எப்படித் தெரிகிறதோ அதுதான் உங்கள் அளவுகோல். அதைவிட இந்தப் பறவையின் கால் தெளிவாக வெளிறியிருந்தால்தான் "வெளிர்க் கால்" என்று சொல்லலாம். பறவையின் கறுப்பு அலகையும் இதே வேலைக்குப் பயன்படுத்தலாம். அலகே பழுப்பாகத் தெரியும் படத்தில் கால் பழுப்பாகத் தெரிவதில் வியப்பில்லை.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. ஒளி பறவைக்குப் பின்னாலிருந்து வந்தால் வெளிர்க் காலும் கறுப்பாகிவிடும். டெமிங்க்கின் கால் நிறம் பறவைக்குப் பறவை மாறும், சிலவற்றில் மங்கலான சாம்பல் பச்சைதான் இருக்கும். பின்னொளியில் அது கறுப்பு என்றே சத்தியம் செய்யலாம் போலிருக்கும். அதனால் "கால் கறுப்பு" என்று சொல்வதற்கு முன்னால், கேமரா பக்கமிருந்து காலில் ஒளி விழுகிறதா என்று பார்க்க வேண்டும். வயிற்றின் வெள்ளை பளிச்சென்று இருந்தால் விழுகிறது. வயிறே சாம்பலாகக் கிடந்தால் அந்தப் படத்தில் காலைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

மென்பொருளில் நிறச்செறிவை ஏற்றி "இதோ மஞ்சள் தெரிகிறது" என்று காட்டுபவர்கள் உண்டு. ஏற்றினால் சேற்றிலிருந்து கசிந்த மஞ்சளும்தான் ஏறும். நிழல் பகுதியை மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக்கிப் பார்ப்பது பரவாயில்லை, நிறச்செறிவில் கை வைக்க வேண்டாம்.

விரல்கள், தெரிந்தால்

சேற்றில் விரல்கள் புதைந்திருக்கும் என்பதால் இந்தப் பகுதி பல படங்களுக்குப் பயன்படாது. கெட்டியான ஈரத்தரையில் நிற்கும் பறவையிலோ, ஒரு காலைத் தூக்கி அடுத்த அடி வைக்கப் போகும் பறவையிலோ மட்டும் பார்க்கலாம்.

நீள்விரல் ஸ்டின்ட்டின் நடுவிரல் அதன் அலகைவிட நீளம். மற்ற மூன்றிலும் அப்படி இல்லை. இதில் ஒரு வசதி என்னவென்றால், அலகும் விரலும் ஒரே பறவையில் இருப்பதால் தூரமோ லென்ஸோ தடையில்லை. இரண்டையும் திரையில் அளந்து ஒப்பிட்டால் போதும். ஆனால் அலகு பக்கவாட்டில் இருந்து, விரல் நம்மை நோக்கி நீட்டியிருந்தால் விரல் சுருங்கித் தெரியும் என்பதை மறக்காதீர்கள். பறக்கும் படத்தில் இந்த விரல்கள் வால் நுனியைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதுவும் நல்ல அடையாளம்.

படம் அமெரிக்கக் கண்டங்களில் எடுத்ததென்றால் ஆட்டம் வேறு. அங்கே வெளிர்க் கால் உள்ள பொதுவான குட்டி உள்ளான் லீஸ்ட் சாண்ட்பைப்பர். கறுப்புக் கால் உள்ளவை செமிபால்மேட்டட், வெஸ்டர்ன் என்ற இரண்டு. இந்த இரண்டுக்கும் முன்விரல்களின் அடியில் சிறு சவ்வு உண்டு, நம் லிட்டிலுக்கும் செங்கழுத்துக்கும் கிடையாது. வழிதவறி வந்த பறவையைச் சந்தேகிக்கும்போது இந்தச் சவ்வுதான் வழக்கைத் தீர்க்கும். ஆனால் விரலிடுக்கில் ஒட்டிய சேறு அச்சு அசல் சவ்வு மாதிரியே இருக்கும். இரண்டு கால்களிலும், இரண்டு மூன்று படங்களில், அதே வடிவத்தில் தெரிந்தால்தான் சவ்வு என்று ஏற்கலாம்.

அலகு: நீளம், நுனி, அடி

நீளத்தை முன்பே பார்த்தோம். நான்கு ஸ்டின்ட்டுகளுக்குள் அலகு நீளம் ஒன்றையொன்று தழுவியே இருப்பதால், அது ஸ்டின்ட் அல்லாதவற்றை ஒதுக்க உதவுமே தவிர ஸ்டின்ட்டுகளைப் பிரிக்க அவ்வளவாக உதவாது. மேலே சொன்ன செமிபால்மேட்டட், வெஸ்டர்ன் இரண்டிலும் ஆணைவிடப் பெண்ணுக்கு அலகு நீளம் என்பதால், ஒன்றின் பெண்ணும் மற்றொன்றின் ஆணும் கிட்டத்தட்ட ஒரே அலகோடு நிற்கும்.

நுனியின் வடிவம் கொஞ்சம் கூடுதலாகப் பேசும். லிட்டிலின் அலகு நுனியை நோக்கி மெலிந்து ஊசி மாதிரி முடியும், லேசாகக் கீழே சாயும். செங்கழுத்தின் அலகு சராசரியாகக் கொஞ்சம் குட்டை, நுனி கொஞ்சம் மழுங்கல். "சராசரியாக" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு தனிப் பறவையில் இதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதுவும் நுனி இரண்டு பிக்சலில் முடியும் படத்தில், மழுங்கல் என்பது லென்ஸின் மழுங்கலாகவும் இருக்கலாம்.

அலகின் அடியைப் பலர் பார்ப்பதில்லை. நீள்விரலுக்குக் கீழலகின் அடிப்பகுதி வெளிறியிருக்கும், பழுப்பு மஞ்சளாகவோ பச்சை கலந்தோ. லிட்டிலுக்கும் செங்கழுத்துக்கும் அலகு முழுக்கக் கறுப்பு. அடிப்பகுதிதான் அலகிலேயே தடித்த இடம் என்பதால், அங்கே கிடைக்கும் நிறம் காலில் கிடைக்கும் நிறத்தைவிடக் கொஞ்சம் நம்பகமானது. கால் சந்தேகமாக இருக்கும்போது இங்கே வந்து பாருங்கள்.

அலகிலும் போலிகள் உண்டு. உள்ளான் குடும்பத்துப் பறவைகள் பலவற்றால் மேலலகின் நுனியை மட்டும் தனியாக வளைத்துத் திறக்க முடியும். சேற்றுக்குள் அகப்பட்ட இரையைப் பிடிப்பதற்கான ஏற்பாடு அது. அந்த நொடியில் எடுத்த படத்தில் நேரான அலகு முறுக்கிக்கொண்டதுபோலத் தெரியும். அடுத்த படத்தில் சரியாகிவிடும். வாயிலிருக்கும் மெல்லிய புழு அலகை ஒன்றரை மடங்காக்கும். ஈரத்தரையில் விழும் பிம்பம் அலகு நுனியோடு சேர்ந்தால் அலகு நீண்டுவிடும்.

எல்லாவற்றிலும் அதிகப் பரபரப்பைக் கிளப்புவது அலகு நுனியில் ஒட்டிய சேற்று உருண்டை. அழிவின் விளிம்பில் இருக்கும் கரண்டிமூக்கு உள்ளான் என்று ஒன்று இருக்கிறது. குளிர்கால உடையில் செங்கழுத்து ஸ்டின்ட்டைப் போலவே இருக்கும், கறுப்புக் கால், நுனியில் கரண்டி வடிவ அலகு. சேற்று உருண்டையோடு நிற்கும் ஸ்டின்ட்டை அதுவென்று நினைக்கத் தோன்றும். வேடிக்கை என்னவென்றால், உண்மையான கரண்டிமூக்கைப் பக்கவாட்டில் எடுத்தால் கரண்டி தட்டையாகத் தெரிந்து, அலகு கொஞ்சம் தடித்ததாக மட்டுமே இருக்கும். முன்னால் இருந்து எடுத்தால்தான் கரண்டி விரியும். இந்த ஒரு பறவைக்கு மட்டும், நேர் பக்கவாட்டுப் படம் வேண்டும் என்ற என் முந்தைய விதியைத் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு படத்தை எடுத்துப் பார்ப்போம்

இப்படி ஒரு படம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாயங்கால ஒளி, கேமராவுக்குப் பின்னாலிருந்து சற்றுச் சாய்வாக வருகிறது. சேற்றில் ஐந்து பறவைகள். நடுவில் இருப்பதற்குக் கால் மஞ்சள். "இது டெமிங்க்தானே?" என்று கேள்வி. வலது ஓரத்தில் ஒரு சிறு குட்டையின் விளிம்பில் பதுங்கி நிற்கும் ஐந்தாவது பறவையை யாரும் கவனிக்கவில்லை.

நடுப்பறவையிலிருந்து தொடங்குவோம். தலை நேர் பக்கவாட்டில் இருக்கிறது, அந்தப் பக்கத்துப் புருவம் தெரியவில்லை. அலகு 29 பிக்சல், தலை 32 பிக்சல். சரி, ஸ்டின்ட்தான். படத்தை மூன்று மடங்கு பெரிதாக்கிக் காலைப் பார்க்கிறோம். கணுக்காலுக்குக் கீழே மஞ்சள் பழுப்பு, மேலே இருக்கும் குட்டித் துண்டு கறுப்பு. மஞ்சளின் மேல் விளிம்பு இடது காலில் உயரமாகவும் வலது காலில் தாழ்வாகவும் இருக்கிறது. அந்த மஞ்சளும் காய்ந்த சேற்றின் மஞ்சளும் ஒன்றே. பக்கத்திலுள்ள பறவையின் காலிலும் சேற்றுக்குச் சற்று மேலே அதே நிறத்தில் ஒரு வளையம். தீர்ந்தது, இது கறுப்புக் கால். கீழலகின் அடியும் கறுப்பு. மார்பைப் பார்த்தால் நடுவில் வெள்ளை, ஓரங்களில் மட்டும் சாம்பல் தடவல். டெமிங்க்குக்கு மார்பு முழுவதும் சாம்பல் பழுப்பாக, வயிற்றின் வெள்ளையிலிருந்து பிரிந்து தெரியும். ஆக டெமிங்க் இல்லை.

லிட்டிலா செங்கழுத்தா? நுனி மெலிந்து முடிகிறது, லேசான சாய்வு இருக்கிறது. லிட்டில் பக்கம் சாய்கிறேன். கால் புதைந்திருப்பதால் கால் நீளத்தை வைத்து உறுதிப்படுத்த முடியவில்லை. செங்கழுத்துக்குக் கால் கொஞ்சம் குட்டை, உடம்பின் பின்பகுதி நீண்டு தெரியும், ஆனால் அதற்கு முழுக் காலும் தெரிய வேண்டும். செங்கழுத்தும் அடிக்கடி வரும் இடத்தில் எடுத்த படமென்றால் "லிட்டில் அல்லது செங்கழுத்து" என்பதோடு நிறுத்துவேன். குளிர்கால உடையில் இந்த இரண்டையும் ஒரே படத்தில் பிரித்துக் காட்டுகிறேன் என்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

இப்போது ஓரத்துப் பறவை. அலகு 24 பிக்சல்தான், ஆனால் தலை நம் பக்கம் 40 பாகைபோலத் திரும்பியிருக்கிறது. நேராக நின்றால் 31 வரும். எனவே "குட்டை அலகு" என்ற எண்ணத்தை விட்டுவிடலாம். கால்கள் இரண்டும் கணுக்காலுக்கு மேலும் கீழும் ஒரே மங்கலான பச்சை மஞ்சள், மற்ற நான்கு பறவைகளின் கணுக்கால் மேல்பகுதியைவிடத் தெளிவாக வெளிறியது. வெளிர்க் கால்தான். டெமிங்க்கா நீள்விரலா? விரல்கள் நீருக்குள். அலகு அடியில் வெளிறல் இருக்கிறதா என்று இந்தக் கோணத்தில் சொல்ல முடியவில்லை. மிச்சமிருப்பது உடம்பு. முதுகு கோடில்லாமல் ஒரே சாம்பல் பழுப்பு, மார்பு முழுக்க அதே நிறத்தில் மூடி வயிற்றோடு எல்லை கட்டியிருக்கிறது, வால் நுனி மடித்த சிறகின் நுனியைத் தாண்டுகிறது. கழுத்தை இழுத்துக்கொண்டு தரையோடு ஒட்டியதுபோல நிற்கிறது. நீள்விரல் என்றால் கழுத்தை நீட்டி நிமிர்ந்து நிற்கும் வழக்கமுண்டு, முதுகு இறகுகளின் நடுவில் கருமை திட்டுத்திட்டாகத் தெரியும், காலும் உயரமாகத் தோன்றும். எல்லாம் டெமிங்க்கைத்தான் காட்டுகின்றன. குட்டையின் ஓரம் அதற்குப் பிடித்த இடமும்கூட. திறந்த ஓதச் சேற்றுவெளியின் நடுவில் லிட்டிலையும் செங்கழுத்தையும்தான் அதிகம் எதிர்பார்க்கலாம். வெளிர்க் கால் இரண்டும் நன்னீர் ஓரத்தையும் செடிகொடி மறைவையும் விரும்புபவை.

இடத்தை நான் கடைசியில் சேர்த்தேன் என்பதைக் கவனித்திருப்பீர்கள். முதலில் சேர்த்தால் கண் அதற்கேற்பக் காலுக்கு நிறம் பூச ஆரம்பித்துவிடும்.

எங்கே நிறுத்துவது, எப்படி எழுதிவைப்பது

காலின் நிறம் உறுதியாகவில்லை, அலகின் அடியும் தெரியவில்லை என்றால் "ஸ்டின்ட், இனம் தெரியவில்லை" என்று எழுதுங்கள். eBird போன்ற பதிவேடுகளில் இதற்கென்றே `peep sp.` என்ற பதிவுப்பெயர் இருக்கிறது. பெயரோடு காரணத்தையும் ஒரு வரியில் எழுதிவைத்தால் பின்னால் பார்ப்பவருக்கு வேலை எளிது: "கால் கறுப்பு, கணுக்காலுக்கு மேலே சுத்தமாகத் தெரிகிறது, அலகு நேர் பக்கவாட்டு, விரல் தெரியவில்லை." எது தெரியவில்லை என்பதை எழுதுவதுதான் இதில் முக்கியம், ஏனென்றால் படத்தைப் பார்ப்பவர் முதலில் தேடுவது அதைத்தான். படத்தையும் வெட்டிச் சுருக்காமல், முழு அளவில், பக்கத்துப் பறவையும் இருக்கும்படி வைத்திருங்கள்.

அடுத்த முறை படம் எடுக்கப் போகும்போது ஒரு காரியம் செய்யலாம். பறவை சேற்றிலிருந்து ஆழமில்லாத நீருக்குள் இறங்கும்வரை காத்திருங்கள். நான்கு அடி நடந்தாலே கால் கழுவப்பட்டுவிடும், வெளியே ஏறி வரும்போது கணுக்கால்வரை சுத்தமாக இருக்கும். அப்போது தொடர்ச்சியாகப் பத்துப் பதினைந்து படம் எடுத்தால், ஒன்றிரண்டில் தலை நேர் பக்கவாட்டில் வரும், ஏதாவது ஒன்றில் தூக்கிய காலின் விரல்கள் விரிந்து தெரியும். மதிய வெயிலில் சேற்றின்மேல் கானல் அலையும்போது 60 மீட்டரிலிருந்து எடுத்தால் இவை எதுவும் தெரியாது. காலையில், தரையோடு தாழ்ந்து உட்கார்ந்து, பறவை தானாக நெருங்கி வரவிட்டு எடுங்கள். தூரம் 40 மீட்டரிலிருந்து 20 ஆகக் குறைந்தால் காலுக்கு இரண்டரைக்குப் பதில் ஐந்து பிக்சல் கிடைக்கும். நடுவில் ஒரு பிக்சலாவது சேறு கலக்காத நிறத்தோடு இருக்க அது போதும்.